சின்னான் சுக்கு

எனக்குக் கோபம் வரும் என்பது அவனியாபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் ஏறினால் ஷேர் ஆட்டோக்காரன் பாட்டுச் சத்தத்தைத் தானாகவே குறைத்துவிடுவான். "நாகஜோதி அக்கா வாய்ல விழுந்தா எந்திரிக்க முடியாதுப்பா" என்பான். அப்படிப்பட்ட நான்தான் ரோகிணியிடம் ஏமாந்தேன். வாய் இருந்து என்ன செய்ய?

ரோகிணியும் நானும் திருமங்கலத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் சித்த மருத்துவம் படித்து டாக்டர் ஆனாள். சிம்மக்கல்லில் கிளினிக் வைத்தாள். நான் எங்கள் வீட்டை ஒட்டி ஷெட் போட்டு மருந்து செய்தேன். அவள் எழுதுவாள், நான் கிண்டுவேன். மருந்து செய்து விற்க லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸுக்குப் பட்டம் படித்த ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எங்கள் ஷெட்டுக்கு அந்தப் பொறுப்பு ரோகிணி. அவள் பெயர் இருக்கிறவரைதான் என் அடுப்பு எரியும். அது எனக்கு ஒருநாளும் பயமாகத் தோன்றியதில்லை. கூடப் பிறந்தவளைப் போல இருந்தவளிடம் என்ன பயம்?

ஷெட்டில் மூன்று வகைதான் செய்தோம். சூரணம், குடிநீர், லேகியம். சரக்கைச் சுத்தம் செய்து, இளவறுப்பாக வறுத்து, இடித்து, துணியில் சலித்து எடுத்தால் சூரணம். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் போய் உட்கார வேண்டும். தேனிலோ நெய்யிலோ வெந்நீரிலோ டாக்டர் சொன்னபடி குழைத்துச் சாப்பிடுவது அது. குடிநீருக்கு அப்படிச் சலிக்கக் கூடாது, ஒன்றிரண்டாக நொறுக்கினால் போதும். அந்தக் கரகரப்பான பொடியைத் தண்ணீரில் போட்டு எட்டில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, வடிகட்டி, சூடாகக் குடிக்க வேண்டும். சக்கை குப்பைக்குப் போகும். காய்ச்சின குடிநீர் ஒரு சாமத்துக்கு மேல் ஆகாது, மூன்று மணி நேரம்தான் அதற்கு ஆயுசு. லேகியம் பொறுமைசாலிகள் வேலை. கோபக்காரி எனக்கு அதுதான் நன்றாக வந்தது, அது என்ன கணக்கோ!

இருமல் லேகியத்துக்கு எங்களிடம் நல்ல பேர். அதற்குச் சுக்கு கொண்டுவருகிறவர் சின்னான். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊர். கடையில் விற்கிற சுக்கு தோலோடு சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தத் தோல் மருந்துக்கு ஆகாது. சுண்ணாம்பைக் குழைத்துச் சுக்கின் மேலே அப்பி, ஒரு சாமம் வைத்திருந்து, கழுவிக் காயவைத்து, மேல்தோலைச் சீவி எறிய வேண்டும். சின்னான் அந்த வேலை அம்புட்டையும் தன் வீட்டிலேயே முடித்து, மொழுமொழுவென்று சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்துவிடுவார். அதனால் ஷெட்டில் அதற்குச் சின்னான் சுக்கு என்று பேர். வேலைக்கு வரும் மாயக்காள்தான் முதலில் அப்படிச் சொன்னாள். பிறகு நானும் சொன்னேன், ரோகிணியும் சொன்னாள். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பேர் தெரியாது.

போன வருடம் பத்ரி சாரால் ஒரு கூத்து நடந்தது. ரிட்டயரான கணக்கு வாத்தியார், ரோகிணியின் பழைய பேஷண்ட். குடிநீர்ப் பொடியைக் கொண்டுபோய், சூரணம் என்று நினைத்து, காய்ச்சாமல் தேனில் குழைத்து முழுங்கிவிட்டார். கிளினிக்கில் வந்து நின்று, "ரோகிணி, தொண்டையெல்லாம் மரத்தூளா ஒட்டிண்டுடுத்தும்மா. இதை எப்படி எல்லாரும் சாப்பிடறா?" என்று கேட்டார். நான் அன்று மருந்து கொடுக்கப் போயிருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ரோகிணி ஷெட்டுக்கு வந்தாள்.

"ஜோதி, சிரிச்சது போதும். பேஷண்டுக்கு எது எதுன்னு தெரியல. மூணு வகையும் எப்படிச் செய்றது, எப்படிச் சாப்பிடுறதுன்னு வீடியோ எடுப்போம். நீ பேசு."

"என் மூஞ்சிய யாருடி பார்ப்பா?"

"மூஞ்சி வேணாம். கையும் கரண்டியும் போதும். உன் குரலு வந்தாச் சரி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டேன், படத்தில் கைதான் விழும் என்று தெரிந்தும். சூரணத்தையும் குடிநீரையும் சீக்கிரமே முடித்துவிட்டோம். லேகியத்துக்குத்தான் நேரம் பிடித்தது. "எடை போடுறதையும் காட்டு ஜோதி, முழுசா இருக்கட்டும்" என்றாள். காட்டினேன். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டினேன். பாகு கம்பிப் பதம் வந்ததும் தீயைக் குறைத்தேன். "இப்பச் சின்னான் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அம்புட்டுப் பொடியையும் தூவித் தூவிக் கிண்டணும், கட்டி தட்டக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கிண்டினேன். நெய்யை விட்டுக் கிண்டி, ஓரத்தில் நெய் கசிந்து வந்ததும் இறக்கினேன். ஆறின பிறகுதான் தேன் ஊற்ற வேண்டும், சூட்டில் ஊற்றினால் தேன் கெட்டுப்போகும் என்றேன். கொஞ்சம் எடுத்து உருட்டிக் காட்டினேன். விரலில் ஒட்டவில்லை.

"இதுதான் பதம். காலையிலயும் சாயந்தரமும் பெரியவுகளுக்கு நெல்லிக்காய் அளவு, சின்னப்பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு."

"பிரமாதம்டி" என்று ரோகிணி என் தோளைக் கட்டிக்கொண்டாள். மாயக்காள் கைதட்டினாள். எடுத்த வீடியோ எதுவும் ஒரு பேஷண்டுக்கும் போகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கேட்டபோது, "எடிட் பண்ணிக்கிட்டிருக்காங்க" என்றாள். எடிட் என்றால் பாகு காய்ச்சுவது போல நேரம் ஆகும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

தை பிறந்து ஊரில் ஜல்லிக்கட்டெல்லாம் முடிந்திருந்தது. அதிமதுரம் வாங்க சிம்மக்கல் போனேன். நாட்டு மருந்துக்கடை அழகுராஜா எனக்குத் தம்பி மாதிரி. என்னைப் பார்த்ததும், "அக்கா, நல்லவேளை வந்தீங்க. இந்தச் சின்னான் சுக்குன்னா என்னக்கா? ரெண்டு பேரு வந்து கேட்டுட்டாங்க. எங்க அப்பா காலத்துல இருந்து கடை வச்சிருக்கோம், நான் கேள்விப்பட்டதே இல்ல" என்றான்.

"யாரு கேட்டா? அது எப்படித் தெரியும் அவுகளுக்கு?"

அவன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் இருமல் லேகியம். பளபளவென்று பச்சைக் கலர். அதில் தங்க எழுத்தில், 'மலைகளில் மட்டுமே விளையும் அரிய மூலிகை சின்னான் சுக்கு சேர்ந்தது' என்று போட்டிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சின்னானை மலையில் விளைந்த மூலிகை ஆக்கிவிட்டார்களே! அந்த மனுஷன் பஸ் படியில் ஏறவே மூச்சு வாங்குவார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பேரைச் சொன்னது நான், மாயக்காள், ரோகிணி. மாயக்காளுக்குச் சென்னை எந்தத் திசை என்று தெரியாது. டப்பாவைத் திருப்பினேன். மருத்துவ ஆலோசகர் என்று போட்டு ரோகிணியின் படம், வெள்ளைக் கோட்டோடு.

மூடியைத் திறந்து ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். என் லேகியம்தான். என் மிளகு, என் திப்பிலி, என் அளவு. ஆனால் விழுங்கியதும் நெஞ்சுக்குழியில் ஒரு எரிச்சல் இறங்கியது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வீடியோவில் இருந்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். வீடியோவில் நான் சுக்குத் தோலைச் சீவவில்லை. சீவ என்ன இருந்தது, சின்னான்தான் சீவிக் கொடுத்துவிட்டாரே! அந்த அறிவாளிகள் கடைச் சுக்கைத் தோலோடு அரைத்துக் கொட்டியிருக்கிறார்கள்.

அங்கிருந்து கிளினிக் நடக்கிற தூரம்தான். பேஷண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாளில் அவர்கள் முன்னால் அவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏண்டி ரோகிணி, இது என்னடி?" என்று டப்பாவை மேசையில் வைத்தேன்.

அவள் முகம் மாறவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். கத்தாத ஜோதி."

"கத்தாம? பேஷண்டுக்குன்னு சொல்லித்தான வீடியோ எடுத்த?"

"பேஷண்டுக்குத்தான் போகுது. நம்ம ஷெட்டுல கிண்டி எம்புட்டுப் பேருக்குக் குடுக்க முடியும்? கம்பெனின்னா ஊரு பூரா போகும். சுக்கு மிளகு திப்பிலி ஒண்ணும் உன் வீட்டுச் சொத்தில்லையே."

"என் கை என் சொத்துடி."

"கைக்கு யாரு லைசென்ஸ் குடுக்குறா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே உறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தணித்து, "கம்பெனியில வேற எங்கயும் பொறுப்புல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஷெட்டுல இருந்து என் பேரை எடுத்துட்டேன். நீ வேற யாரையாவது பாரு" என்றாள்.

எடுத்துட்டேன் என்றாள். எடுக்கப்போறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பேசவேண்டியது எத்தனையோ இருந்தது. ஆனாலும் முதலில் வாயில் வந்தது சுக்குத்தான்.

"அந்தச் சுக்குல தோலு இருக்குடி. நெஞ்சு எரியுது. நீயே சாப்பிட்டுப் பாரு. சின்னான்..."

"ஜோதி, வெளியே பேஷண்ட் காத்துக்கிட்டிருக்காங்க. கோவத்துல குத்தம் கண்டுபிடிக்காத. கம்பெனியில லேப் இருக்கு, அவங்க பார்த்துக்குவாங்க."

ஷெட்டை மூடினேன். மருந்து இருந்த ஜாடிகளையெல்லாம் துணி கட்டி வைத்துவிட்டு மாயக்காளை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் ரோகிணி ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. கிண்டுகிற கரண்டியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறியது. தெரிந்த சித்த டாக்டர்கள் ரெண்டு பேரைக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். யாராவது ஒருவர் பேர் கொடுத்தால் போதும், நான் மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். என் கையில் தப்பு வராது என்ற பேர் ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதை நம்பித்தான் அவர்களும் யோசித்தார்கள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், வாசலில் இருமல் சத்தம் கேட்டது. ரோகிணி. ஆள் வாடிப்போயிருந்தாள்.

"உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதான கிடக்கு" என்றேன்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன் ஜோதி. பத்ரி சார் பேத்தி இருக்காள்ல, ஸ்ரீலக்ஷ்மி, அவளுக்கு அந்த லேகியம் குடுத்தேன். ராத்திரியெல்லாம் வயிறு எரியுதுன்னு அழுதிருக்கா. இப்பப் பரவால்ல. ஆனா பத்ரி சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கே..." மேலே பேச முடியாமல் இருமினாள். நெஞ்சிலிருந்து வந்த வறட்டு இருமல்.

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அந்தச் சின்னப்பிள்ளை ராத்திரி பூரா அழுததுதான் கண்முன்னால் வந்தது. இவளும் ஒரே பெஞ்சில் என் இட்லியைப் பிடுங்கித் தின்றவள்தானே என்று தோன்றியது. பாழாய்ப்போன மனசு!

"எம்புட்டு நாளா இருமுற?"

"ஒரு வாரமா."

"டாக்டராம் டாக்டரு. இரு, குடிநீர் போடுறேன்."

கொல்லையில் ஆடாதோடை இருக்கிறது. இலையைக் கிள்ளிவந்து நடு நரம்பை எடுத்துவிட்டு நறுக்கினேன். அதிமதுரத்தையும் திப்பிலியையும் உரலில் போட்டு ஒன்றிரண்டாகத் தட்டினேன். எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அகலப் பாத்திரத்தில் சிறு தீயில் வைத்தேன். சமையற்கட்டு ஓரத்து ஸ்டூலில் ரோகிணி உட்கார்ந்துகொண்டாள். பை அவள் மடியில் இருந்தது.

"ஜோதி, தோலு சீவாததுதான் காரணம்னு இப்பத்தான் கம்பெனியில கண்டுபிடிச்சாங்க" என்றாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன், நீ காதுல வாங்கல."

அவள் பேச்சை மாற்றினாள். பழைய கதைகள் பேசினாள். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், திருமங்கலத்து பஸ் ஸ்டாண்டு, கம்பங்கூழ் குடித்தது. தண்ணீர் பாதியாகச் சுண்டியிருந்தது. மறுபடி, "வீடியோவுல சுக்கச் சுத்தம் பண்றதப் பத்தி ஒண்ணும் இல்லையே ஜோதி" என்றாள்.

"அது எப்படி இருக்கும்?"

"நீ சொல்லல, இல்லையா?"

"சொல்ற மாதிரி இல்லடி அது."

"இல்ல, நான் மறந்துட்டேனான்னு எனக்கே குழப்பமா இருக்கு. நீ சொல்லியும் நான் விட்டுட்டேனா, இல்ல நீயே சொல்லலையா? அதை மட்டும் சொல்லு. ராத்திரி தூக்கமே வரல எனக்கு."

பாவம், குழம்பிப்போய்க் கிடக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளைத் தூங்கவைக்க வேண்டியது என் பொறுப்பு மாதிரி ஆகிவிட்டது.

"ஆமாடி, நான்தான் சொல்லல. தோலு சீவணும்னு அன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். போதுமா? உன் மேல தப்பில்ல, நிம்மதியாத் தூங்கு" என்றேன். குடிநீர் ஒரு டம்ளராகச் சுண்டியிருந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டி அவள் கையில் கொடுத்தேன். "இந்தா, சூடா இருக்கு, ஊதிக் குடி. மிச்சம் வச்சு ராத்திரிக்குக் குடிக்காத, கெட்டுப்போகும். நாளைக்குப் புதுசாப் போட்டுத் தாரேன்" என்றேன்.

அப்புறம்தான், "சின்னானே வீட்டுல சீவிக் கொண்டுவந்துருவாரு, அதான் வீடியோவுல அந்த வேலையே வரல. உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தேன். ரோகிணி பைக்குள் கையை விட்டு எதையோ தேடினாள். "நேரமாச்சு ஜோதி, கிளினிக் திறக்கணும். போயிட்டு வாரேன்" என்று டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு எழுந்தாள். கசப்பில் முகம் சுளிக்கக்கூட இல்லை. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன், அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் இன்னொரு கைப்பிடி ஆடாதோடை இலை பறித்து நறுக்கிவைத்திருந்தேன், அவளுக்காக. அழகுராஜா போன் செய்தான். அவன் குரலே சரியில்லை.

"அக்கா, நீங்க வீட்டுலதான இருக்கீங்க? ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு, என்ன பீடிகை?"

"கம்பெனிக்காரங்க எங்க கடைக்காரங்க குரூப்புல ஒரு ஆடியோ போட்டிருக்காங்க. டப்பா எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிறாங்களாம். தப்பு கம்பெனி மேல இல்ல, செய்முறை சொல்லிக்குடுத்தவங்க ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க. டாக்டருங்க குரூப்புலயும் போயிருக்காம். அது உங்க குரல் மாதிரியே இருக்குக்கா."

"போடு" என்றேன்.

இன்னொரு போனைப் பேசுகிற போனோடு ஒட்டி வைத்துப் போட்டான். கரகரப்பில் முதலில் பாத்திரம் கொதிக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு நான். 'ஆமாடி, நான்தான் சொல்லல. தோலு சீவணும்னு அன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன்.' அடுத்து வந்த பேச்சு வெட்டப்பட்டிருந்தது. உன் மேல தப்பில்ல, நிம்மதியாத் தூங்கு என்றது அதில் இல்லை. சின்னானும் இல்லை. ஆனால் வெட்டினவனுக்குக் கை கொஞ்சம் பிசகியிருக்கிறது. கடைசியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

'இந்தா, சூடா இருக்கு, ஊதிக் குடி.'

"அக்கா?" என்றான் அழகுராஜா. "அக்கா, லைன்ல இருக்கீங்களா? அது நீங்க இல்லைன்னு சொல்லுங்க, நான் குரூப்புல போடுறேன்."

எனக்கு வாய் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்த வாயிலிருந்து வந்ததுதான் அது. நறுக்கின இலை முறத்தில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் தம்பி" என்றேன்.